500 கவர் என்றால் எந்த 500?

"நுவரெலியாவில் 60 அறை ஹோட்டல் ஒன்றில் சூ செஃப். 11 வருஷ அனுபவம். டுபாய், கட்டாருக்கு ஹெட் செஃப் வேலைக்குப் போட்டுப் பார்க்கிறேன், ஒருவரும் கூப்பிடுவதில்லை. சீவியில் 'தினமும் 500 கவர், எல்லா நாட்டுச் சமையலும் தெரியும், தங்கப் பதக்கம்' என்று இருக்கிறது. இன்னும் என்ன போட வேண்டும், ஐயா?"

தம்பி, புதிதாக எதையும் போடாமல் அந்த 500 கவரை, அதாவது ஒரு வேளைக்கு ஒருவர் என்று எண்ணும் சாப்பாட்டுக் கணக்கை, முதலில் பிரித்துப் பாருங்கள். ஆட்களைத் தேர்ந்தெடுக்க உட்காருபவரும் ஒரு செஃப்தான். 60 அறை என்றதும் அவர் மனதில் கணக்குப் போட்டுவிடுவார். எல்லா அறையிலும் இரண்டு பேர் தங்கினாலும் 120 பேர், மூன்று வேளையும் சாப்பிட்டால் 360 கவர்தானே, மிச்சம் எங்கிருந்து வந்தது?

பில்லிங் கணினியில் நாளாந்தக் கவர் ரிப்போட் இருக்கும். சீசனில் ஒரு மாதம், மழைக்காலத்தில் ஒரு மாதம் எடுங்கள். உதாரணமாக, சாதாரண நாளில் காலை 90, மதியம் 70, இரவு 80 வந்தால் 240. ஏப்ரல் வசந்த காலத்தில் பகல் டூர் குழுக்களும் சேரும்போதுதான் 500. அந்த 240இலும் அலாகார்ட் 35தான், மிச்சம் புபே என்று வைத்துக்கொள்வோம். புபேயில் 200 பேருக்குப் போடுவதும், ஓடர் சீட்டு வர வர 35 தட்டு அனுப்புவதும் வேறு வேறு வேலை. இப்படி எழுதுங்கள்: "60 அறை, கிச்சனில் 14 பேர். சாதாரண நாளில் 240 கவர், அதில் அலாகார்ட் 35. ஏப்ரலில் 500 வரை." எண் சிறுத்துப்போனதே என்று தோன்றும். ஆனால் நேர்முகத்தில் எப்படிக் குடைந்தாலும் இது நிற்கும்.

ஹெட் செஃப் லீவில் போன மாதங்களில் கிச்சனை நீங்கள்தானே நடத்தியிருப்பீர்கள்? எத்தனை மாதம், ரோஸ்டரும் ஓடரும் யார் கையில், ஃபுட் கொஸ்ட் எத்தனை வீதத்தில் நின்றது என்பதைத் தனி வரியாகப் போடுங்கள். பெரிய பதவிக்கு இதுதான் உங்கள் பலமான வரி.

'எல்லா நாட்டுச் சமையலும்' என்பதை வெட்டிவிடுங்கள். ஃப்ரைட் ரைஸும் சொப்சுயியும் போட்டால் சைனீஸ் தெரியும் என்று ஆகாது. சமைத்துக் காட்டச் சொல்லும்போது இத்தாலியன் என்று எழுதியவரிடம் ரிசோட்டோ கேட்பார்கள். நான் ஆள் எடுத்த காலத்தில் ஒருவர் அரிசியைத் தனியாக அவித்து வடித்து, பிறகு கிரீம் ஊற்றினார். ரிசோட்டோவுக்கு அரிசியை வடிக்கவே கூடாது. அதோடு முடிந்தது. மெனுவே நீங்கள் எழுதிய இரண்டு வகை போதும்.

பதக்கத்துக்கு வருஷமும் பிரிவும் வேண்டும். உலக செஃப் சங்க விதிப்படி நடக்கும் போட்டிகளில் பதக்கம் புள்ளிக்குத்தான், இடத்துக்கு அல்ல. 90 அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லோருக்கும் தங்கம். அதனால் 'முதலிடம்' என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். சுடுசமையலா, பழம் செதுக்கலா என்று சான்றிதழில் உள்ள பிரிவின் பெயரை அப்படியே போடுங்கள். செதுக்கலில் வாங்கிய தங்கத்தை ஹெட் செஃப் வேலைக்குக் கடைசி வரியில் வைத்தால் போதும்.