நிஃப்டி விலைக்குள் ஒளிந்திருக்கும் ரிஸ்க் பிரீமியம்

கேள்வி: நிஃப்டி 24,000, டிவிடெண்ட் ஈல்டு 1.25%, 10 ஆண்டு அரசுப் பத்திர வட்டி 6.5% என்று வைத்துக் கணக்குப் போட்டேன். வளர்ச்சி 12% என்றால் ரிஸ்க் பிரீமியம் 6.9% வருகிறது. 6.5% என்றால் 1.3%தான். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் வேண்டாம். நீங்கள் போட்டது r = D1/P + g. r என்பது முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருமானம், D1 அடுத்த ஆண்டு டிவிடெண்ட், P இன்றைய விலை. r-இலிருந்து பத்திர வட்டியைக் கழித்தால் ரிஸ்க் பிரீமியம். இதில் g என்பது முடிவே இல்லாத வளர்ச்சி. பொருளாதாரத்தைவிட வேகமாக எந்தச் சந்தையும் என்றென்றைக்கும் வளர முடியாது. அதனால் 12% அங்கே உட்காரக் கூடாது. நீண்டகால வளர்ச்சிக்கு அரசுப் பத்திர வட்டியையே உச்சவரம்பாக வைப்பது நல்ல வழக்கம். அதே சமயம், அடுத்த சில ஆண்டுகளின் வேகமான வளர்ச்சியை விட்டுவிட்டால் பிரீமியம் குறைத்துக் காட்டப்படும்.

எனவே இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். போன வருட டிவிடெண்ட் 300 புள்ளி. 5 ஆண்டுகள் 12% வளர்ந்தால் 336-இல் தொடங்கி 529 ஆகும். அதன்பின் 6.5%. இவற்றின் இன்றைய மதிப்பு 24,000 ஆகும்படி எக்செல்லில் Goal Seek வைத்து r-ஐத் தேடுங்கள். 8.2% வரும், பிரீமியம் 1.7%.

இப்போது முதல் கட்ட வளர்ச்சியை 10% ஆக்கிப் பாருங்கள். விடை 0.14 புள்ளிதான் இறங்கும். நீண்டகால வளர்ச்சியை 1 புள்ளி ஏற்றினாலோ, கிட்டத்தட்ட முழுப் புள்ளியும் r-இல் ஏறிவிடும். ஆக, கவனம் முழுக்க இரண்டாம் கட்டத்தில் இருக்கட்டும்.

சரி, 1.7% ஏன் இவ்வளவு குறைவு? பி.இ. 22 என்றால் லாபம் சுமார் 1,090 புள்ளி. அதில் 300தான் கைக்கு வருகிறது. மீதி மறுமுதலீட்டுக்குப் போகிறது. ஆனால் வளர்ச்சி 6.5%-க்கு இறங்கிய பிறகு அவ்வளவு மறுமுதலீடு எதற்கு? பங்கு மூலதனத்தின் மீது 15% லாபம் ஈட்டும் நிறுவனம் 6.5% வளர, லாபத்தில் 43% போதும். மீதி 57% பங்குதாரர்களுக்குத் தரலாம். லாபமும் 12% வேகத்தில் வளர்ந்தால், 6-ஆம் ஆண்டு டிவிடெண்ட் 563-க்குப் பதிலாகச் சுமார் 1,160 ஆகும். மறுபடி தேடினால் r 9.75%, பிரீமியம் 3.25%. இந்தத் திருத்தத்தைப் பலர் செய்வதே இல்லை. நிறுவனங்கள் தங்கள் பங்கையே திரும்ப வாங்கும் பைபேக் பணத்தையும் டிவிடெண்டோடு சேர்க்க வேண்டும். அமெரிக்கச் சந்தையில் அதை விட்டால் கணக்கே தப்பு.

இந்த 3.25% அனுமானங்களோடு ஒட்டியது. அதனால் அனுமானம் வைக்கும் முறையை மாற்றாமல், மாதாமாதம் போட்டு நகர்வைப் பாருங்கள். நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன் அமெரிக்காவின் எஸ்&பி 500 குறியீட்டுக்கு இப்படித்தான் செய்கிறார். 2008 ஜனவரித் தொடக்கத்தில் குறியீடு 1,468. அவர் கணக்கில் பிரீமியம் 4.37%. நெருக்கடிக்குப் பின், 2009 தொடக்கத்தில் குறியீடு 903, பிரீமியம் 6.43%. பங்குகள் பழைய ஆண்டுகளில் தந்த சராசரி வருமானத்தை வைத்துப் போடும் பிரீமியம் அந்த வீழ்ச்சியில் ஏறியிருக்காது, இறங்கியிருக்கும்.