அஸர் களா இருக்க, மஃரிப் ஜமாஅத்தில் சேரலாமா?

கேள்வி: பஸ்ஸில் தூங்கி அஸர் தவறிவிட்டது. மேலப்பாளையத்தில் இறங்கிப் பள்ளிக்குப் போனால் மஃரிப் ஜமாஅத் தொடங்கப் போகிறது. எதை முதலில் தொழுவது?

தூக்கத்தில் தவறியதில் குற்றமில்லை, ஆனால் களா கடமை. இனி உங்கள் மத்ஹபைப் பொறுத்தது. நெல்லைப் பக்கம் இரு மத்ஹபினரும் உண்டே.

ஷாஃபி என்றால் வரிசை சுன்னத்துதான். மஃரிபை முதலில் தொழுதாலும் அது செல்லும், அப்புறம் அஸரைத் தொழலாம்.

ஹனஃபியில் வரிசை கட்டாயம். அஸர் பாக்கி என்று தெரிந்தே மஃரிபில் நின்றால் அந்த மஃரிப் செல்லாது. ஆகவே ஜமாஅத் போனாலும் சரி, ஓரமாக நின்று அஸரின் நான்கு ரக்அத்தைத் தொழுதுவிட்டு வாருங்கள். அஸர் பாக்கி என்பதையே மறந்திருந்தாலோ, மஃரிப் நேரம் முடியப் போனாலோ, ஆறு தொழுகைகள் பாக்கி சேர்ந்திருந்தாலோ இந்தக் கட்டாயம் விழுந்துவிடும்.

ஒளூ, கிப்லா, ருகூஃ, சுஜூது எல்லாம் களாவுக்கும் அப்படியேதான். எந்த வக்து என்று நிய்யத்தில் குறிப்பிடுங்கள்.