விளக்கீட்டுப் படத்தில் தங்கையைச் சேர்க்கும்போது

“கார்த்திகை விளக்கீட்டன்று வீட்டு வாசலில் எடுத்த குடும்பப் படத்தில், கனடாவில் இருக்கும் தங்கையைச் சேர்த்தேன். முகத்தைச் செம்மஞ்சளாக்கியும் ஒட்டவைத்தது போலவே தெரிகிறது. என்ன செய்யலாம்?”

நிறத்தைவிட ஒளி வரும் திசைதான் இங்கே பெரிய சிக்கல். வாழைக்குற்றியில் எரியும் விளக்கு அப்பாவின் நெஞ்சளவில் இருக்கிறது. அதனால் அவருடைய நாடியும் மூக்கின் அடிப்பகுதியும் வெளிச்சமாகவும் நெற்றி மங்கலாகவும் இருக்கின்றன. தங்கையின் முகத்தில் எல்லாம் தலைகீழ்: மூக்கு நிழல் உதட்டின் மேல் விழுகிறது. எந்த நிறம் பூசினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். நிழல் அழுத்தமில்லாத, சன்னலோரம் எடுத்த வேறு படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கீழ்ப்பகுதியை வெளிச்சமாக்கி, நெற்றியை மெல்ல இருட்டாக்கலாம்.

நிறத்துக்குத் தோலை அளக்காதீர்கள், ஆளுக்கு ஆள் மாறும். இருவர் நெற்றியிலும் திருநீறு இருந்தால் அதுவே நல்ல அளவுகோல். அப்பாவின் திருநீறு சிவப்பு 200, பச்சை 140, நீலம் 75 என்றும், தங்கையுடையது மூன்றும் 200 என்றும் வைத்துக்கொள்வோம். தங்கையின் படத்துக்கு மட்டுமான Curves அடுக்கில் சிவப்பைத் தொடாமல், பச்சையில் 200ஐ 140க்கும் நீலத்தில் 200ஐ 75க்கும் இறக்குங்கள். பிறகு காது, பின்கழுத்துப் பக்கம் அந்த அடுக்கைப் பாதியாக அழித்துவிடுங்கள். அங்கே விழுவது அந்திவானத்தின் நீலம்.

கண்மணியில் சன்னலின் சதுரம் மின்னினால் அதை அழித்து, கீழ்ப்பாதியில் சிறு மஞ்சள் புள்ளி வையுங்கள். சுடர் ஆடுகிறதே என்று முகத்தை மங்கலாக்க வேண்டாம். சுடர் ஆடினாலும் முகம் ஆடுவதில்லை.