மணிக்கட்டு முறிவை இழுத்துச் சேர்க்க பிளாக் போதுமா, செடேஷன் வேண்டுமா?

கேள்வி: "ரேடியஸ் முறிவுக்கு ஹீமட்டோமா பிளாக் போட்டுத்தான் இழுக்கிறேன். ஆனாலும் பாதிப் பேர் வலியில் கத்திவிடுகிறார்கள். பேசாமல் எல்லோருக்கும் செடேஷனே கொடுத்துவிடலாமா?" (அவசர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர்)

வேண்டாம். இத்தனை பேருக்கு வலிக்கிறது என்றால் ஒன்று, மருந்து முறிவுக்குள் போய்ச் சேரவில்லை. இல்லை, போன மருந்து வேலை செய்ய நீங்கள் நேரம் கொடுக்கவில்லை. முதலில் இந்த இரண்டையும் சரி செய்து பாருங்கள்.

ஒரு நோயாளியை வைத்துச் சொல்கிறேன். 70 வயது அம்மா, எடை 50 கிலோ, நாள்பட்ட நுரையீரல் நோய் உண்டு. கையை ஊன்றி விழுந்து மூன்று மணி நேரம் ஆகிறது, வருவதற்குச் சற்று முன்புதான் சாப்பிட்டிருக்கிறார். எக்ஸ்ரேயில் ரேடியஸின் கீழ்முனை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. இவருக்குச் செடேஷன் கொடுத்தால் மூச்சும் வயிறும் இரண்டுமே சிக்கல். பிளாக்தான் சரியான வழி.

ஊசியைத் தொடும் முன் விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா, கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து மேலே தூக்க முடிகிறதா, நாடி எப்படி என்று பார்த்து எழுதிவிடுங்கள். மருந்து பரவினால் மீடியன் நரம்பு தற்காலிகமாக மரத்துப்போகலாம். முன்பே பார்க்காவிட்டால் அது விழுந்ததால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது.

அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்னுக்குக் கிலோவுக்கு 3 மி.கி. என்று கணக்கு வைத்தால் இவருக்கு 150 மி.கி. வரை போகலாம். 1 சதவீத மருந்து 10 மி.லி. என்றால் 100 மி.கி.தான். கையில் இருப்பது 2 சதவீதக் குப்பியா என்று கட்டாயம் பாருங்கள். அதில் 10 மி.லி. எடுத்தால் 200 மி.கி. ஆகி, அளவு தாண்டிவிடும். 5 மி.லி. எடுத்து, அதே அளவு சலைன் கலந்துகொள்ளுங்கள்.

தோலை நன்றாகச் சுத்தம் செய்த பிறகு, கையின் பின்பக்கத்தில் எலும்பு படி மாதிரி இறங்கும் இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். ஊசி அந்த வழியாகத்தான் போக வேண்டும். உள்ளங்கைப் பக்கம் ரேடியல் தமனியும் மீடியன் நரம்பும் இருப்பதால் அங்கே போக வேண்டாம். ஊசி எலும்பில் முட்டியதும் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, முறிவின் இடைவெளிக்குள் வழுக்கி இறங்கும்வரை தேடுங்கள். பின்னிழுத்தால் கருஞ்சிவப்பாக ரத்தம் வர வேண்டும். மற்ற ஊசிகளில் ரத்தம் வந்தால் நிறுத்துவோம். இங்கே அது வந்தால்தான் இடம் சரி. வரவில்லை என்றால் மருந்தைச் செலுத்தாதீர்கள். அல்ட்ராசவுண்ட் இருந்தால் வைத்துப் பாருங்கள், தேடுவது எளிதாகும்.

மருந்தை மெதுவாகச் செலுத்துங்கள். முறிந்த எலும்பிலிருந்து அது வேகமாக ரத்தத்தில் கலக்கக்கூடும். உதடு மரப்பது, காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை என்று அவர் சொன்னால் உடனே நிறுத்துங்கள். மானிட்டர் போட்டிருக்க வேண்டும், லிப்பிட் எமல்ஷன் எங்கே இருக்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். அல்நாவின் நுனியும் முறிந்திருந்தால், 10 மி.லி.யில் இரண்டு மி.லி.யை அங்கே ஒதுக்குங்கள்.

அப்புறம் 10 முதல் 15 நிமிடம் காத்திருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அந்த நேரத்தை வீணாக்காமல் விரல்களை ஃபிங்கர் டிராப்பில் மாட்டி, மேல்கையில் எடையைத் தொங்கவிடலாம். பிளாக் வலியை மட்டும்தான் எடுக்கும், தசையைத் தளர்த்தாது. அந்த வேலையை இந்த நிதானமான இழுவை செய்யும். இழுக்கும் முன் முறிவை லேசாக அசைத்துப் பாருங்கள். முகம் சுளித்தால் இன்னும் பொறுங்கள்.

இனி செடேஷன். சமாதானமாகப் பேசினாலும் கையைக் காட்டாத குழந்தை, எலும்பு நன்றாக ஏறி உட்கார்ந்துவிட்ட தசைப்பிடிப்பான கை, ஒரு நாளுக்கு மேல் ஆகி ரத்தம் உறைந்து இறுகிப்போன முறிவு, சரியாகப் போட்டும் பலிக்காத பிளாக், இவற்றுக்கு அது வேண்டும். திறந்த முறிவிலும் ஊசி போகும் இடத்தில் தொற்று இருந்தாலும் பிளாக் கூடாது. திறந்த முறிவு என்றால் எலும்பு மருத்துவரை உடனே கூப்பிட்டுவிடுங்கள்.

செடேஷன் கொடுப்பவர் ஒருவர், இழுப்பவர் வேறொருவர் என்று இருக்க வேண்டும். ஆக்சிஜன், சக்‌ஷன், பேக் மாஸ்க், கேப்னோகிராஃபி தயாராக இருக்கட்டும். கெட்டமைன் என்றால் நரம்பு வழியே கிலோவுக்கு 1 மி.கி.யை ஒரு நிமிடத்தில் மெதுவாகக் கொடுக்கலாம். புரோபோஃபால் வயதானவர்களுக்குப் பாதி அளவில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். உண்மையான ஆபத்து எலும்பு சேர்ந்த பிறகுதான் வரும். வலி நின்றதும் அவரை எழுப்பிவைத்திருந்த தூண்டுதலும் போய்விடுகிறது, மருந்தோ இன்னும் உடம்பில் இருக்கிறது. எல்லோரும் மாவுக்கட்டில் மூழ்கியிருக்கும்போது மூச்சு நின்றுபோகும். ஆக்சிஜன் அளவு இறங்குவதற்கு முன்பே கேப்னோகிராஃபி கோடு தட்டையாகிவிடும். ஒருவர் கண் கடைசிவரை அதிலேயே இருக்க வேண்டும்.