“ஃபாஸ்ட்” என்ற பெயரை நம்பாதீர்கள், உங்கள் நிலையத்தின் வரிசையைப் படியுங்கள்

கேள்வி: நான் இறங்கும் நிலையத்தில் சில புறநகர் ரயில்கள் நிற்கின்றன, சில நிற்பதில்லை. செயலியில் என் நிலையத்துக்கு நேரம் காட்டியதைப் பார்த்து ஏறினேன். ரயில் நிற்காமல் போய்விட்டது. எது நிற்கும் என்று ஏறுவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் அந்தச் செயலியை ஒதுக்கிவையுங்கள். ரயில்வேயின் உள் அட்டவணையில், ஒரு ரயில் நிற்கும் நிலையங்களுக்கு மட்டுமன்றி, நிற்காமல் கடக்கும் நிலையங்கள் பலவற்றுக்கும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். அது பாதையை ஒழுங்குபடுத்துவோருக்கான கணக்கு. தனியார் செயலிகள் சில கடக்கும் நேரத்தை நிற்கும் நேரமாகவே காட்டிவிடுகின்றன. வேறு சில, இரண்டு நிறுத்தங்களுக்கு இடையிலுள்ள நேரத்தைத் தாமாகவே பங்கிட்டு இடைநிலையங்களுக்கு எழுதிவிடுகின்றன. விளம்பரத்தில் பிழைக்கும் இவர்களுக்கு நீங்கள் எங்கே இறங்கினாலும் இழப்பில்லை. பழைய அட்டவணையைப் புதியது போல அச்சிட்டு விற்பவர்களும் இதே வகையினர்.

ரயில்வேயே வெளியிட்ட, நடப்பிலுள்ள அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். பலரும் ரயிலின் பெயரில் தொடங்கிக் கீழ்நோக்கிப் படிக்கிறார்கள். நீங்கள் உங்கள் நிலையத்தின் பெயரில் தொடங்கிக் குறுக்காகப் படியுங்கள். எண் இருந்தால் ரயில் நிற்கும்; வெற்றிடமோ, கோடோ, புள்ளிகளோ இருந்தால் நிற்காது. அந்த வரிசையில் எண் உள்ள ரயில்களை மட்டும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால், மற்ற ரயில்களைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

“விரைவு ரயில் நம் நிலையத்தில் நிற்காது” என்று மொத்தமாக முடிவு கட்டிவிடவும் கூடாது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பதினாறு நிலையங்கள் உள்ள ஒரு தடத்தில் உங்களுடையது பதினொன்றாவது என்று கொள்வோம். ஒரு விரைவு ரயில் 1, 4, 8 ஆகியவற்றில் மட்டும் நின்றுவிட்டு, எட்டிலிருந்து எல்லா நிலையங்களிலும் நிற்கும்; அது உங்களுக்கு ஏற்றது. இன்னொன்று 1, 4, 8, 12, 16 என்று போகும். அதில் ஏறினால் உங்கள் நிலையத்தைச் சன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள். இரண்டும் ஒரே நடைமேடையிலிருந்து, ஒரே கடைசி நிலையத்தின் பெயரோடு, ஒரே “ஃபாஸ்ட்” என்ற சொல்லோடு புறப்படக்கூடும். எதுவரை விரைவு, எங்கிருந்து சாதாரணம் என்பதைப் பலகையில் ஒரு வரி சேர்த்து எழுதுவது கடினமான வேலை அல்ல. ஆனாலும் ஒற்றை எழுத்தைப் போட்டுவிட்டு, மீதியைப் பயணியே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும் நிர்வாகங்கள் இன்னும் இருக்கின்றன.

அட்டவணையில் உள்ள எண்ணிலேயே ஐயம் வந்தால், ஓடும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். வேகத்தைக் குறைத்து, நின்று, மீண்டும் வேகம் எடுக்க ஒரு நிறுத்தத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு மேல் செலவாகும். எட்டிலிருந்து பன்னிரண்டுக்குச் சாதாரண ரயில் 12 நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்றால், இடையில் மூன்று நிலையங்களைத் தாண்டும் ரயிலுக்குச் சுமார் 8 நிமிடம் போதும். அந்தத் தூரத்தை 8 நிமிடத்தில் கடப்பதாகக் காட்டிக்கொண்டே, ஒன்பதுக்கும் பத்துக்கும் பதினொன்றுக்கும் நேரம் எழுதியிருந்தால், அவை கடந்து செல்லும் நேரங்கள் என்றே கொள்ளுங்கள்.

ஒன்றுவிட்டு ஒன்றில் நிற்கும் முறை இதிலிருந்து வேறு. அங்கே இரண்டு வகை ரயில்கள் நிலையங்களைப் பங்கிட்டுக்கொள்ளும். பெரிய நிலையங்கள் சிலவற்றில் மட்டும் இரண்டுமே நிற்கும். சிகாகோவில் 1948 முதல் 1995 வரை ஏ, பி என்ற எழுத்துகளால் இப்படி நடந்தது. நிலையப் பலகையிலேயே அந்த எழுத்து இருந்ததால், ரயிலின் எழுத்தோடு ஒப்பிட்டாலே போதும். நியூயார்க்கில் ஜே, இசட் ரயில்கள் 1988 முதல் இவ்வாறு ஓடுகின்றன. ஆனால் நெரிசல் நேரத்தில், நெரிசல் மிகுந்த திசையில் மட்டும். ஆகவே காலையில் போகும் வழிக்குப் படித்த நிறுத்தங்களை மாலையில் திரும்பும் வழிக்கும் பொருத்திவிடாமல், இரண்டு திசைகளுக்கும் தனித்தனியே எழுதிவையுங்கள். நீங்கள் ஏறுவது ஒரு வகைக்கும் இறங்குவது மற்ற வகைக்கும் உரிய நிலையமாக இருந்தால், நேராகச் செல்லும் ரயில் அந்த நேரத்தில் இராது. இரண்டும் நிற்கும் பொது நிலையம் ஒன்றில் இறங்கி மாற வேண்டும்.

தவறான ரயிலில் ஏறிவிட்டீர்கள் என்று நடுவழியில் தெரிந்தால், வேகம் குறையும் இடத்தில் குதிக்க நினைக்காதீர்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்குங்கள். அது உங்கள் நிலையத்துக்கு முந்தையது என்றால், பின்னால் வரும் சாதாரண ரயிலில் ஏறுங்கள். தாண்டிவிட்டிருந்தால் எதிர்த்திசையின் சாதாரண ரயிலில் திரும்புங்கள்.