குப்புறப் படுத்து காலை மடக்கினால் தொடை பிடித்துக்கொள்கிறதே, ஏன்?

கேள்வி: டாக்டர், எனக்கு 48 வயசு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை. மூட்டு வலிக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியில், குப்புறப் படுத்து குதிகாலைப் பின்னால் மடக்கினால் பாதிக்கு மேல் போகவில்லை, பின்தொடை நரம்பு சுருட்டி இழுக்கிறது. மகன் கையால் தள்ளினால் குதிகால் சுலபமாகப் போகிறது. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து காலைத் தூக்கினால் முன்தொடை பிடிக்கிறது. ஆனால் போன மாதம் ஏற்காட்டில் சேர்வராயன் கோவிலுக்கு நடந்தே ஏறினேன், ஒன்றும் ஆகவில்லை. நரம்பில் கோளாறா?

பதில்: நரம்பு இல்லை, தசை. மகன் தள்ளினால் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. மூட்டு நன்றாகத்தான் மடங்குகிறது, மடக்க வேண்டிய தசைக்குத்தான் அந்த நிலையில் இழுக்க நீளம் போதவில்லை.

பின்தொடையில் இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் தசைகள் பெரும்பாலும் நாம் உட்காரும்போது தரையில் அழுந்தும் எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே போய் ஒட்டுகின்றன. அதாவது இடுப்பு, முழங்கால் என்று இரண்டு மூட்டுகளைத் தாண்டுகின்றன. குப்புறப் படுத்தால் இடுப்பு நேராக இருக்கும், அதனால் மேல்முனையில் தசை ஏற்கனவே சுருங்கிவிட்டது. அப்புறம் முழங்காலையும் மடக்கினால் கீழ்முனையிலும் சுருங்க வேண்டும். தசை நாருக்குள் இருக்கும் மெல்லிய இழைகள், இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோர்த்துத் தள்ளுவது போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துதான் இழுக்கின்றன. முழுக்க நுழைந்துவிட்டால் அதற்கு மேல் நகர இடமில்லை, பலமும் மளமளவென்று குறைந்துவிடும். இதை ஆக்டிவ் இன்சஃபிஷியன்சி என்போம். இடுப்பு நேராக இருக்கும்போது சொந்த பலத்தில் 120 டிகிரி அளவுக்குத்தான் முழங்கால் மடங்கும், இடுப்பை மடக்கிக்கொண்டால் 140 வரை போகும். ஏற்கனவே சுருங்கிக் கிடக்கும் தசையை இன்னும் இழு இழு என்று விரட்டினால் அது பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தால் எழுந்து உட்கார்ந்து, காலை நீட்டி, முன்னால் குனியுங்கள், இரு முனையிலும் நீண்டு விட்டுவிடும்.

கோவிலுக்கு ஏறும்போது ஏன் பிடிக்கவில்லை? ஏற்றத்தில் காலை ஊன்றி உடம்பைத் தூக்கும்போது இடுப்பும் நிமிர்கிறது, முழங்காலும் நிமிர்கிறது. இடுப்பு நிமிர்வதில் ஹாம்ஸ்ட்ரிங் சுருங்கும், முழங்கால் நிமிர்வதில் நீளும், ஆக மொத்தம் அதன் நீளம் பெரிதாக மாறுவதே இல்லை. நடை, ஏற்றம், நாற்காலியிலிருந்து எழுவது எல்லாம் இப்படித்தான். இரு முனையிலும் சேர்ந்தே சுருங்கச் சொல்வது பெரும்பாலும் நம் பயிற்சிகள்தான்!

முன்தொடை விஷயமும் இதேதான், திசை மட்டும் வேறு. அங்கே இருக்கும் நான்கு தசைகளில் ரெக்டஸ் ஃபெமோரிஸ் மட்டும்தான் இடுப்பையும் தாண்டுகிறது. கால் நீட்டி உட்கார்ந்தாலே இடுப்பு மடங்கி, முழங்கால் நிமிர்ந்து அது இரு முனையிலும் குறுகிவிடும், போதாக்குறைக்குப் பின்தொடை வேறு விறைத்து எதிர்ப்பக்கம் இழுக்கும். அதை மல்லாந்து படுத்துச் செய்யுங்கள்: ஒரு காலை மடக்கி ஊன்றி, மற்றதை நேராக வைத்து, மடக்கிய முழங்காலின் உயரம் வரை தூக்கி 5 எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். பத்து முறை போதும்.

குப்புறப் படுத்துச் செய்வதை நிறுத்த வேண்டாம். அடிவயிற்றுக்குக் கீழே ஒரு தலையணையை மடித்து வையுங்கள், இடுப்பு கொஞ்சம் மடங்கும். கணுக்கால் நேர் மேலே வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதைத் தாண்டினால் கணுக்காலில் கட்டிய எடையே காலைப் புட்டத்தின் பக்கம் சாய்த்துவிடும், தசைக்கு அதில் வேலையே இல்லை. குதிகால் புட்டத்தைத் தொட வேண்டும் என்று பல பேர் முக்குகிறார்கள், எனக்கு அது வீண் வேலையாகத்தான் படுகிறது. பலம் ஏற வேண்டுமென்றால் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே கட்டிய ரப்பர் பேண்டைக் கணுக்காலில் மாட்டி, குதிகாலை நாற்காலிக்கு அடியில் இழுங்கள். இடுப்பு மடங்கியிருப்பதால் தசைக்கு நீளம் இருக்கும்.

உங்களைப் போல இல்லாமல், பிறர் தள்ளியும் மடங்காதவர்கள் மல்லாந்து படுத்து தொடையை வயிற்றுப் பக்கம் கொண்டுவந்து மடக்கிப் பார்க்கலாம். இப்போது முழுதாக மடங்கினால் ரெக்டஸ் ஃபெமோரிஸ் இறுகியிருக்கிறது, அப்போதும் நின்றால் மூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இடுப்பிலிருந்து பாதம் வரை மரத்துப்போவது, ஓடும்போது பின்தொடையில் படக்கென்று ஏதோ அறுந்தது போல் ஆகி நீலம் பாய்வது, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவையெல்லாம் வேறு கதை, நேரில் காட்ட வேண்டியவை. ராத்திரி தூக்கத்திலும் அடிக்கடி கால் பிடித்தால், நீங்கள் சாப்பிடும் கொலஸ்ட்ரால் மாத்திரை, சிறுநீர் பிரியத் தரும் மாத்திரை எதுவானாலும் அந்த அட்டையைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.