அறை வாடகை வரம்பைத் தாண்டினால் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்?

கேள்வி: அம்மாவுக்கு 3 லட்ச ரூபாய் ஹெல்த் பாலிசி இருக்கிறது. ரூம் வாடகை ஒரு நாளைக்கு 3,000 வரைதான் என்று போட்டிருக்கிறார்கள். 5,000 ரூபாய் ரூம் எடுத்தால் மேலே வரும் 2,000-ஐ மட்டும் நாங்கள் கட்டினால் போதும்தானே?

போதாது. இதே கணக்கைப் போட்டுத்தான் 2023-இல் நாங்களும் மாட்டிக்கொண்டோம். மாமியாருக்குப் பித்தப்பை ஆபரேஷன். பாலிசி 3 லட்சம், வாடகை வரம்பு அதில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. "வயசானவங்க, கொஞ்சம் வசதியா இருக்கட்டும். ரெண்டாயிரம்தானே, நாம போட்டுக்கலாம்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன். நாலு நாளுக்கு எட்டாயிரம் கூட ஆகும், அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

டிஸ்சார்ஜ் அன்று பில் 1,45,000. அதில் அறைக்கு 20,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், தினசரி டாக்டர் விசிட் எல்லாம் சேர்த்து 80,000. மருந்துக்கும் கையுறை, ஊசி மாதிரியான பொருட்களுக்கும் 30,000. ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்கு 15,000. எங்களைக் கட்டச் சொன்ன தொகை 60,400.

எட்டாயிரம் எப்படி அறுபதாயிரம் ஆனது? வாடகை வரம்பு வாடகையோடு நிற்பதில்லை. உங்களுக்குத் தகுதியான வாடகை 3,000, நீங்கள் எடுத்தது 5,000 என்றால், 3,000-ஐ 5,000-ஆல் வகுத்து 60 சதவீதம் என்று ஒரு விகிதம் போடுவார்கள். அறையைப் பொறுத்து மாறும் மற்ற செலவுகளிலும் அதே 60 சதவீதம்தான் கிடைக்கும். ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன் என்று பில்லிங் கவுன்டரில் சொல்வது இதைத்தான். பெரும்பாலான தனியார் மருத்துவமனைகளில் ஜெனரல் வார்டு, இருவர் அறை, தனி அறை, டீலக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ரேட் ஷீட் உண்டு. அதே சர்ஜன், அதே ஆபரேஷன், அறை மட்டும் மேலே போனால் அவருடைய ஃபீஸும் மேலே போகும். "பெரிய அறையை நீங்கள் தேர்ந்தெடுத்ததால் ஏறிய ஃபீஸை நாங்கள் ஏன் தர வேண்டும்" என்பது கம்பெனியின் வாதம்.

வாதம் சரிதான். ஆனால் எதில் கழிக்கலாம், எதில் கழிக்கக் கூடாது என்பதில்தான் எங்களுக்குத் தவறு நடந்திருந்தது. மருந்து, உடலில் பொருத்தும் ஸ்டென்ட் போன்ற கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றை இந்த விகிதக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2020-இலேயே சொல்லிவிட்டது. மாத்திரை எந்த அறையில் போட்டாலும் ஒரே விலைதானே. ஐசியூ கட்டணத்திலும் விகிதம் போடக் கூடாது. ஐசியூவுக்கென்று பாலிசியில் தனி வரம்பு இருந்தால் அதைத் தாண்டியதை மட்டும் நாம் கட்ட வேண்டும். இதெல்லாம் உங்கள் பாலிசி ஆவணத்தில் "அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ்" என்ற வரையறையின் கீழ் இருக்கும். அந்த ஒரு பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

எங்கள் பில்லுக்கு வருகிறேன். மருந்துக் கணக்கில் 4,000 ரூபாய்க்குக் கையுறை, மாஸ்க் போன்றவை. அவை எங்கள் பாலிசியில் இல்லை, அதைக் கட்டியே ஆக வேண்டும். மீதி 1,41,000-ஐ, கம்பெனிக்காக க்ளைமைச் சரிபார்க்கும் இடைநிறுவனமான டிபிஏ அப்படியே 60 சதவீதமாக வெட்டி 84,600 மட்டும் அனுமதித்திருந்தது. சரியான கணக்கு வேறு. அறைக்கு 12,000, டாக்டர்கள் மற்றும் தியேட்டர் செலவில் 48,000, மருந்துக்கு 26,000 முழுதாக, பரிசோதனைக்கு 15,000 முழுதாக. மொத்தம் 1,01,000. எங்கள் பங்கு 44,000.

இன்சூரன்ஸ் டெஸ்கில் இருந்த தம்பி, "மேடம், சிஸ்டம்ல அப்படித்தான் வருது" என்றார். மாமியாரை அன்று வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும், 60,400 கட்டிவிட்டோம். பிறகு மருந்து, பரிசோதனை பில்களைத் தனியாகப் பிரித்து, பாலிசியின் அந்தப் பத்தியையும் இணைத்து, கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு மெயில் அனுப்பினேன். 16,400 திரும்பி வந்தது. வராமல் போயிருந்தால் அடுத்து, கம்பெனி மீதான புகாரை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன்தான்; தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது, வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. முதலில் கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பார்த்திருக்க வேண்டும்.

ஆக, சரியாகக் கணக்குப் போட்டாலும் நாங்கள் நினைத்த 8,000-க்குப் பதில் 44,000. இதில் எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. பிற்பாடு பில்லிங் கவுன்டரில் 3,000 ரூபாய் அறைக்கான ரேட் ஷீட்டைக் கேட்டுப் பார்த்தேன். அதே டாக்டர், தியேட்டர் செலவு அங்கே 60,000. அந்த அறையில் இருந்திருந்தால் மொத்த பில் 1,17,000. கையுறைக் கணக்கு 4,000 போக மீதி 1,13,000-ஐயும் கம்பெனியே கட்டியிருக்கும். பெரிய அறைக்குப் போனதால் பில் 28,000 ஏறியது, ஆனால் எங்கள் கைச்செலவு 40,000 ஏறியது. மிச்ச 12,000 கம்பெனிக்கு லாபம். அறை வாடகை ஏறிய அளவுக்கு டாக்டர் ஃபீஸ் ஏறவில்லை. விகிதம் மட்டும் வாடகையைப் பார்த்து வெட்டுகிறது.

அதனால் அம்மாவை அட்மிட் செய்யும் முன்பு ரேட் ஷீட்டைக் கேளுங்கள். அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனையாக இருந்தால், அல்லது ஆபரேஷனுக்கு எல்லா அறைக்கும் ஒரே பேக்கேஜ் என்றால், விகிதக் கழிவே செல்லாது. நீங்கள் நினைத்தபடி வாடகை வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும். "அறையைப் பொறுத்துக் கட்டணம் மாறாது" என்று மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் ஒரு வரி எழுதி வாங்கி க்ளைமோடு வையுங்கள். வாய்வார்த்தை டிபிஏவிடம் எடுபடாது.

இன்னொன்று, "ரூம் 2,800 தான் சார்" என்பதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நர்சிங் சார்ஜ் 600 என்று தனி வரியாகப் பில்லில் வரும். நிறைய பாலிசிகளில் அறை, சாப்பாடு, நர்சிங் மூன்றும் சேர்ந்துதான் அந்த 3,000. சேர்த்தால் 3,400 ஆகி, நானூறு ரூபாய்க்காக விகிதம் விழுந்துவிடும்.

3,000-க்குள் அறை காலியில்லை என்று சொன்னால், அதையும் தேதி, நேரத்தோடு எழுதி வாங்கி, அறை காலியானதும் மாற்றிக் கேளுங்கள். அந்தக் கடிதத்தைப் பார்த்து கம்பெனி விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் பின்னால் சண்டை போட வேண்டி வந்தால் கையில் ஒரு காகிதம் இருக்கும். மாமியார் என்னவோ அந்த ஐயாயிரம் ரூபாய் அறையில் நாலு நாளும் "ஏசியைக் கொஞ்சம் அணைங்கம்மா, குளிருது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.